காளையின் வால் குச்சி மாதிரி ஆடுகிறது, நடுவில் மடங்குகிறது: எங்கே தவறு?

யாழினி, தலைஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். முப்பரிமாண அனிமேஷன் இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன். எங்கள் பக்கத்து உம்பளாச்சேரிக் காளை ஒன்றை மாடல் செய்திருக்கிறேன். நெற்றிச் சுட்டி, கால்களில் வெள்ளை எல்லாம் வந்துவிட்டது. வரப்பில் நின்றபடி வாலை இடமும் வலமும் ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் காட்சி.

வாலில் ஆறு எலும்புகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. மொத்தம் 90 செ.மீ. நுனியில் ஒரு கண்ட்ரோல் இருக்கிறது. அதை இழுத்தால் வால் முழுதும் பின்னாலேயே வருகிறது. விநாடிக்கு 24 பிரேம். முதல் பிரேமில் நுனியை வலப்பக்கம் வைத்து ஒரு கீ, 13இல் இடப்பக்கம், 25இல் மறுபடி வலப்பக்கம்.

ஓட்டிப் பார்த்தால் இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, வால் நடுவில் வரும்போது முழங்கால் மாதிரி மடங்கிக்கொள்கிறது. இரண்டாவது, உயிரே இல்லை. குச்சியை யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. நான் பிளெண்டரில் செய்கிறேன். வேறு மென்பொருளில் செய்பவர்களும் சொல்லலாம், அடிப்படை ஒன்றுதானே.

ரியாஸ், கும்பகோணம்

இதற்குப் பெயர் ஓவர்லேப். அடி எலும்பு முதலில் திரும்பும், அடுத்தது கொஞ்சம் தாமதமாகத் திரும்பும், அதற்கடுத்தது இன்னும் தாமதமாக. ஆகவே ஒவ்வொரு எலும்பின் கீயையும் முந்தைய எலும்பைவிட 2 பிரேம் பின்னால் தள்ளுங்கள். வேலை முடிந்தது. ஓவர்லேப் போதவில்லை என்று தோன்றினால் 3, 4 என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

இல்லாவிட்டால் ஸ்பிரிங் எலும்பு, பிசிக்ஸ் ஏதாவது போட்டுவிடுங்கள். வாலுக்கெல்லாம் கையால் கீ போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பது என் கட்சி.

யாழினி, தலைஞாயிறு

நன்றி அண்ணா. ஆனால் தள்ளுவதற்கு எலும்புகளில் கீயே இல்லையே. நுனிக் கண்ட்ரோலில் மட்டும்தான் மூன்று கீ இருக்கிறது. அதை 2 பிரேம் தள்ளினால் எல்லாம் சேர்ந்தேதான் தள்ளிப்போகிறது.

பாஸ்கர், ஆடுதுறை

யாழினி, உங்கள் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ரியாஸ் சொன்ன ஓவர்லேப்புக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன்னால் வாலின் நுனி எந்தப் பாதையில் போகிறது என்று பாருங்கள்.

உங்களிடம் இருப்பது ஐகே ரிக். நுனியின் இடத்தை நீங்கள் சொல்கிறீர்கள், மீதி எலும்புகளை மென்பொருள் மடக்கி நீட்டி அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது. நீங்கள் கொடுத்தது இரண்டே இடங்கள், வலக்கோடி, இடக்கோடி. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் மென்பொருள் அவற்றுக்கு நடுவே நேர்க்கோட்டில்தான் போகும். ஆனால் வாலின் அடி ஓர் இடத்தில் மாட்டியிருக்கிறது. அடி அசையாமல் இருக்க, நீளம் மாறாமல் நுனி இடம் வலம் போக வேண்டுமென்றால் அது வளைவாகத்தான் போயாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வால் 90 செ.மீ. நேர் கீழிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் இடையே நேர்க்கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் நடுப்புள்ளி அடியிலிருந்து 78 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். 90 செ.மீ. வாலை 78 செ.மீ. இடைவெளிக்குள் அடக்க வேண்டுமென்றால் எங்காவது மடங்கித்தானே ஆக வேண்டும்? நீங்கள் பார்க்கிற அந்த முழங்கால் மடிப்பு இந்த 12 செ.மீ.தான்.

கேமராவைக் காளையின் நேர் பின்னால் வைத்து, நுனிக்கு மோஷன் பாத் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு புள்ளி விழும். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் திரையின் மேல் ஒரு கண்ணாடித்தாளை ஒட்டி, பிரேம் பிரேமாக நகர்த்தி, மார்க்கரால் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். நான் இன்றும் சில ஷாட்டுகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். புள்ளிகள் நேர்க்கோட்டில் விழுந்தால் நான் சொன்னதுதான் காரணம்.

சரி, எப்படித் தீர்ப்பது? ஐகேயிலேயே இருக்க வேண்டுமென்றால் 7ஆம் பிரேமிலும் 19ஆம் பிரேமிலும் நுனியை 12 செ.மீ. கீழே இறக்கி ஒரு கீ வைக்கலாம். பாதை வளைந்துவிடும். ஆனால் ஓவர்லேப் வராது, ஏனென்றால் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியே உங்கள் கையில் இல்லை. ஆடும் வாலுக்கு எஃப்கேதான் சரி. எலும்புகளை ஒவ்வொன்றாகச் சுழற்றுங்கள். சுழற்றினால் ஒவ்வொரு எலும்பின் முனையும் தானாகவே வளைவில் போகும். வால் எதையாவது பிடித்துக்கொண்டோ ஊன்றிக்கொண்டோ இருந்தால் மட்டும் ஐகேக்குப் போங்கள்.

செந்தில், திருவையாறு

எனக்கும் இதே பிரச்சினை. பரதம் ஆடுகிற பெண்ணுக்குக் குஞ்சலம் வைத்த நீளமான பின்னல் போட்டிருக்கிறேன். அவள் திரும்பும்போது பின்னல் முதுகுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. பாஸ்கர் அண்ணே சொன்னபடி எஃப்கேக்கு மாற்றினேன், இன்னும் உள்ளேதான் போகிறது. எத்தனை பிரேம் தள்ளினால் வெளியே வரும்?

பாஸ்கர், ஆடுதுறை

செந்தில், அது தள்ளி வைக்கிற பிரச்சினை இல்லை, மோதல் பிரச்சினை. பின்னல் முதுகில் பட்டு நிற்க வேண்டிய பிரேமைக் கண்டுபிடித்து, அங்கே எலும்பை வெளியே திருப்பிக் கீ வையுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. பின்னலுக்குத் தசை கிடையாது, தலை திரும்பினால்தான் அது நகரும். மாட்டு வாலோ அடியில் தானே தள்ளிக்கொள்ளும். இரண்டையும் ஒரே முறையில் ஆட்ட முடியாது. தனி இழை போடுங்கள், அங்கே பேசுவோம். இங்கே வால் நடக்கட்டும்.

யாழினி, தலைஞாயிறு

எஃப்கேக்கு மாற்றிவிட்டேன். ஆறு எலும்புக்கும் 1இல் வலப்பக்கம் 10 டிகிரி, 13இல் இடப்பக்கம் 10 டிகிரி, 25இல் மறுபடி வலம். மடிப்பு போய்விட்டது, நுனிப் பாதையும் அழகான வளைவாக இருக்கிறது. ஆனால் ஆறும் ஒரே நேரத்தில் திரும்புவதால் வளைந்த கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது.

பிறகு ரியாஸ் அண்ணா சொன்னபடி ஒவ்வொன்றையும் 2 பிரேம் தள்ளினேன். நன்றாக இளகியது. ஆனால் ஆட்டத்தின் அகலம் குறைந்துவிட்டது. இன்னும் இளகட்டும் என்று 4 பிரேம் தள்ளினேன். இப்போது வால் நடுவில் மட்டும் நெளிகிறது, கடைசி எலும்பு எந்தப் பக்கமும் சாயாமல் நேர் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. எதையாவது உடைத்துவிட்டேனா?

ரியாஸ், கும்பகோணம்

அப்படி ஆகக் கூடாதே. 4 தள்ளினால் ஓவர்லேப் இரட்டிப்பாக வர வேண்டும். எலும்பின் அச்சு ஏதாவது மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு தடவை நடுவில் ஒரு எலும்பு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியது, அச்சுதான் காரணம்.

பாஸ்கர், ஆடுதுறை

அச்சு கோளாறு இல்லை ரியாஸ். யாழினி ஒன்றையும் உடைக்கவில்லை, கணக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்த இடம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது.

எஃப்கேயில் ஒவ்வொரு எலும்பும் தனக்கு மேலே உள்ள எலும்பின் திருப்பத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. கடைசி எலும்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது அதன் கீயை மட்டும் பொறுத்ததல்ல. அதற்கு மேலே உள்ள ஐந்தின் கோணமும் அதன் சொந்தக் கோணமும் கூட்டினால் வருவதுதான் திசை. ஆறும் ஒன்றாகத் திரும்பினால் 60 டிகிரி. தள்ளி வைத்தால், சில எலும்புகள் வலப்பக்கம் இருக்கும் நேரத்தில் சில இடப்பக்கம் இருக்கும், ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

நீங்கள் 4 பிரேம் தள்ளியபோது, ஆட்டம் இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஓடுவதாக வைத்துக்கொண்டால், முதல் பிரேமில் என்ன ஆகிறது? ஒரு முழு ஆட்டம் 24 பிரேம். அடி எலும்பு வலப்பக்கம் 10. இரண்டாவது இன்னும் வந்து சேரவில்லை, 5. மூன்றாவது இடப்பக்கம் 5, நான்காவது இடப்பக்கம் 10, ஐந்தாவது இடப்பக்கம் 5, ஆறாவது வலப்பக்கம் 5. கூட்டிப் பாருங்கள், பூஜ்யம். எந்தப் பிரேமை எடுத்தாலும் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் ஆறு எலும்பு, தலா 4 பிரேம், மொத்தம் 24, ஆட்டத்தின் நீளமும் 24. ஒரு முழுச் சுற்று வாலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால்தான் உங்கள் கடைசி எலும்பு நேர் கீழே பார்க்கிறது.

2 பிரேம் தள்ளியபோது அகலம் குறைந்ததும் இதனால்தான். 60 டிகிரிக்குப் பதில் 39 டிகிரி அளவுக்குத்தான் கூட்டல் ஏறும். அகலம் வேண்டுமென்றால் தள்ளலைக் குறைக்காதீர்கள், எலும்புகளின் கோணத்தைக் கூட்டுங்கள். 10க்குப் பதில் 13, 14 வைத்துப் பாருங்கள்.

இதில் புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயமும் இருக்கிறது. கடைசி எலும்பின் கீயை அடியைவிட 10 பிரேம் தள்ளியிருக்கிறீர்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தாமதம் 10 இல்லை, ஏறக்குறைய 5தான். மேலே உள்ள எலும்புகள் முன்னாலேயே கிளம்பி இதையும் இழுத்துக்கொண்டு போவதால், எல்லாத் தாமதங்களின் சராசரிதான் கண்ணுக்குத் தெரியும். சோதித்துப் பார்க்கலாம். ஆட்டம் இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஓடும்போது அடி எலும்பு 1இல் வலக்கோடியில் இருக்கிறது. வாலின் நுனி எலும்பு அதிகபட்சம் வலப்பக்கம் சாய்கிற பிரேம் எது என்று பாருங்கள். 11 ஆக இருக்காது, 6இல் இருக்கும்.

ஆகவே தள்ளலை "எப்போதும் 2" என்று மனப்பாடம் செய்யாதீர்கள். மொத்தத் தள்ளல் ஆட்டத்தின் நீளத்தில் எவ்வளவு பங்கு என்று பாருங்கள். நான் கால் பங்கிலிருந்து கொஞ்சம் மேலே வரை போவேன். அரைப் பங்கைத் தாண்டினால் வால் ஆடுவதை விட்டுவிட்டு நெளியத் தொடங்கும்.

களத்துமேடு

பாப்பா, நான் அனிமேஷன்காரன் இல்லை. மாடு வைத்திருக்கிறேன், மகன் இந்த இழையைக் காட்டினான். நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்தேன். காளை பெரிய காளையாக இருக்கிறது, வால் மட்டும் கன்றுக்குட்டி வால் வேகத்தில் ஆடுகிறது. பெரிய மாட்டு வால் இவ்வளவு சுறுசுறுப்பாகப் போய்த் திரும்பாது. அசையும், நிதானமாக வரும். கன்றுதான் பால் குடிக்கும்போது இப்படி ஆட்டும்.

இன்னொன்று, நம்ம மாட்டுக்கு வால் குஞ்சம் கனமாக இருக்கும். உங்கள் வீடியோவில் குஞ்சம் அடியோடு சேர்ந்தே திரும்புகிறது. மாட்டைப் பார்த்தால் அப்படி இருக்காது. வால் இந்தப் பக்கம் திரும்பின பிறகும் குஞ்சம் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

பாஸ்கர், ஆடுதுறை

ஐயா சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. நான் வீடியோவைப் பார்த்தும் வேகத்தைக் கவனிக்கவில்லை, அவர் கண்ணில் உடனே பட்டுவிட்டது.

தொங்குகிற பொருள் தானாக ஆட எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீளம் கூடினால் நேரமும் கூடும். 90 செ.மீ. நீளக் கழி ஒரு முனையில் தொங்கி ஆடினால், வலக்கோடியிலிருந்து கிளம்பி வலக்கோடிக்கே திரும்ப ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். கயிறு மாதிரி வளைகிற பொருள் என்றாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். 24 பிரேம் கணக்கில் அது 36 பிரேம். நீங்கள் வைத்திருப்பது ஒரு விநாடி. ஒரு விநாடியில் போய்த் திரும்புவது 37 செ.மீ. அளவு வாலுக்கு உரிய நேரம். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் "சின்ன மாடு" என்று கண் முடிவு செய்துவிடும்.

மாட்டு வால் வெறும் ஊசல் இல்லை, அடியில் தசை இருக்கிறது, வேண்டுமென்றால் வேகமாகவும் வீசும். ஆனால் சும்மா நின்றுகொண்டு அசைக்கும்போது அந்த ஒன்றரை விநாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தலைஞாயிறில்தானே இருக்கிறீர்கள், போனில் எடுத்துப் பாருங்கள். போன் பெரும்பாலும் விநாடிக்கு 30 பிரேமில் எடுக்கும், உங்கள் காட்சி 24. பிரேம் எண்ணிக்கையை அப்படியே கொண்டுவராமல் விநாடியில் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது அடி எலும்பின் கீகள் 1, 19, 37. தள்ளல் 2 பிரேமிலேயே இருக்கட்டும். இரண்டாவது எலும்பு 3, 21, 39. இப்படியே போனால் ஆறாவது 11, 29, 47. மொத்தத் தள்ளல் 36இல் 10, கால் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். தலா 10 டிகிரி வைத்தால் நுனி 50 டிகிரி வரை சாயும். நீங்கள் இழந்த அகலத்தில் பாதி திரும்பிவிட்டது.

யாழினி, தலைஞாயிறு

பக்கத்து வீட்டுக் காளையைப் பின்னால் நின்று எடுத்துப் பார்த்தேன், ஐயா சொன்னதும் அண்ணா சொன்னதும் சரிதான். நிதானமாக ஆடும்போது ஒன்றரை விநாடிக்குச் சற்று முன்பின் இருக்கிறது.

36க்கு மாற்றியதும் மாடே பெரிதானது போல இருக்கிறது! ஆனால் இரண்டு சந்தேகம். லூப் ஓடும்போது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நுனி சிறிது நேரம் உறைந்து நின்று பிறகு கிளம்புகிறது. இரண்டாவது, மோஷன் பாத் முன்பு ஒரே வளைவாக இருந்தது. இப்போது படுத்த எட்டு மாதிரி இருக்கிறது, நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டுகின்றன. வளைவு கெட்டுப்போய்விட்டதா?

பாஸ்கர், ஆடுதுறை

எட்டு வந்தால் மகிழ்ச்சியடையுங்கள், கெட்டுப்போகவில்லை.

குச்சி ஆடினால் நுனி போன பாதையிலேயே திரும்பி வரும். ஒரே வளைவு, இரண்டு திசை. வால் அப்படி வராது. நுனி வலக்கோடியைத் தொட்ட பிறகும் கடைசி எலும்புகள் மேல்நோக்கிச் சுருண்டுகொண்டே இருக்கும், அதற்குள் அடி இடப்பக்கம் கிளம்பிவிடும். ஆகவே நுனி போகும்போது கீழ்ப்பாதையில் போகிறது, திரும்பும்போது கொஞ்சம் மேல்பாதையில் வருகிறது. இடப்பக்கமும் இதேதான். இரண்டும் நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்வதால் எட்டு. களத்துமேடு ஐயா சொன்ன, வால் இந்தப் பக்கம் திரும்பின பிறகும் குஞ்சம் அந்தப் பக்கம் போவது, பாதையில் இப்படித்தான் தெரியும்.

எட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள். இரண்டு கண்ணும் ஒல்லியாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். புள்ளிகள் இரு கோடியிலும் நெருக்கமாகவும் நடுவில் அகன்றும் விழ வேண்டும், அகலம் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் பாதையை விட்டு வெளியே நின்றால் அந்தப் பிரேமில் வால் துள்ளும். ஓட்டிப் பார்க்கும்போது "ஏதோ இடிக்கிறது" என்று மட்டும் தோன்றும், எந்தப் பிரேம் என்று தெரியாது. பாதையில் அது உடனே கண்ணில் படும். எட்டு திரும்பும் இடத்தில் கூர்மையான மூலை வந்தால், கிராஃப் எடிட்டரில் அந்தக் கீயின் கைப்பிடிகள் உடைந்திருக்கின்றனவா, கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கோடிக் கீகளில் கோடு தட்டையாகத் திரும்ப வேண்டும்.

உறைந்து நிற்பதற்குக் காரணம் எளிது. ஆறாவது எலும்பின் முதல் கீ இப்போது 11இல் இருக்கிறது. 1 முதல் 11 வரை அதற்கு வேலையே இல்லை, சும்மா நிற்கிறது. ஆகவே கிராஃப் கோட்டை இரு பக்கமும் திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்க வேண்டும். பிளெண்டரில் கிராஃப் எடிட்டரில் `Cycles` மாடிஃபையர், மாயாவில் `Pre Infinity`, `Post Infinity` இரண்டையும் `Cycle` என்று வையுங்கள். ஆறு எலும்புக்கும் செய்யுங்கள், பிறகு தள்ளல் எவ்வளவு இருந்தாலும் இடைவெளி வராது. அந்த வசதி இல்லாத மென்பொருளில், கீகளை முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று நகலெடுத்து ஒட்டிவிட்டுத் தள்ளுங்கள்.

காட்சியை 1 முதல் 36 வரை மட்டும் ஓட்டுங்கள். 37ஆம் பிரேமும் 1ஆம் பிரேமும் ஒரே நிலை. இரண்டையும் ஓட்டினால் ஒரு பிரேம் நின்று போகிற மாதிரி சுற்றுக்குச் சுற்று ஒரு தடங்கல் தெரியும்.

ரியாஸ், கும்பகோணம்

கூட்டல் கணக்கு எனக்குப் புதிது அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன். என் ரிக்கிலும் போட்டுப் பார்த்தேன், 4 தள்ளினால் அப்படியேதான் ஆகிறது.

ஆனால் பிசிக்ஸ் பற்றி நான் சொன்னதை விடமாட்டேன். இந்த எட்டு, தாமதம், குஞ்சத்தின் கனம் எல்லாம் பிசிக்ஸில் தானாக வரும். அடி எலும்புக்கு மட்டும் கீ வைத்தால் போதும்.

பாஸ்கர், ஆடுதுறை

வரும். குஞ்சத்து மயிருக்கு நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் யாழினிக்கு லூப் வேண்டும். பிசிக்ஸில் 37ஆம் பிரேமின் நிலை 1ஆம் பிரேமோடு தானாக ஒட்டாது. பல சுற்று ஓடவிட்டு, ஆட்டம் நிலைப்பட்ட பிறகு ஒரு சுற்றை வெட்டி எடுத்துக் கீயாக மாற்ற வேண்டும். அதுவும் ஒரு வழிதான். எலும்பு உள்ள பகுதியைக் கையால் செய்தால், இயக்குநர் "இங்கே கொஞ்சம் சீக்கிரம் திரும்பட்டும்" என்றால் ஒரே கீயை நகர்த்தி முடித்துவிடலாம்.

யாழினி, தலைஞாயிறு

லூப் இப்போது தடங்கலில்லாமல் ஓடுகிறது. அடுத்தது, ஆட்டம் நிற்க வேண்டும். காளை வாலை ஆட்டிவிட்டு ஓய்கிறது. அடி எலும்பை 10, 6, 3, 1 என்று பக்கம் மாற்றிக் குறைத்து நிறுத்தினேன். கூடவே நேரத்தையும் 18, 14, 10, 6 பிரேம் என்று குறைத்தேன். ஓய்கிற மாதிரி இல்லை, நடுங்குகிற மாதிரி இருக்கிறது.

ரியாஸ், கும்பகோணம்

நானும் நேரத்தைக் குறைத்துத்தான் செய்வேன். சின்ன அசைவுக்குக் கொஞ்ச நேரம் போதுமே?

பாஸ்கர், ஆடுதுறை

தானாக ஓய்கிற ஆட்டத்தில் அகலம்தான் குறையும், ஓர் ஆட்டத்துக்கு ஆகிற நேரம் பெரும்பாலும் மாறாது. தூரம் குறைகிறது, கூடவே வேகமும் குறைகிறது. ஊசலாடுகிற எதை வேண்டுமானாலும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஆகவே 10, 6, 3, 1 சரி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே 18 பிரேமே இருக்கட்டும். நேரத்தையும் சுருக்கினால் கடைசியில் வால் படபடக்கும். நீங்கள் பார்த்த நடுக்கம் அதுதான்.

தள்ளலும் அதே 2 பிரேம். அடி நின்ற பிறகு நுனி 10 பிரேம் கழித்துத்தான் முழுதாக நிற்கும். எல்லா எலும்பையும் ஒரே பிரேமில் நிறுத்தி முடித்துவிடாதீர்கள், அந்த ஒரு பிரேமில் வால் மறுபடி விறைத்துவிடும்.

கார்ட்டூன் பாணியில் ரியாஸ் சொல்வது போல நேரத்தைச் சுருக்குபவர்கள் உண்டு. சின்ன, சுறுசுறுப்பான பாத்திரத்துக்கு அது பொருந்தும். இந்தக் காளைக்கு வேண்டாம் என்பேன்.

களத்துமேடு

ஒன்று கேட்கிறேன். நிற்கிற மாடு இப்படி இரண்டு பக்கமும் சமமாக ஆட்டிக்கொண்டே இருக்காது. வால் சும்மா தொங்கும். தொடையில் ஈ உட்கார்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு வீச்சு, குஞ்சம் போய்ச் சளீரென்று அடிக்கும், அப்புறம் விழுந்து தொங்கி அசைந்து நிற்கும். எந்தப் பக்கம் ஈயோ அந்தப் பக்கம். நீங்கள் எல்லோரும் ஆடிக்கொண்டே இருக்கிற வாலைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீசுகிற வாலை எப்படிச் செய்வது?

பாஸ்கர், ஆடுதுறை

ஐயா கேட்டதுதான் இந்தக் காட்சிக்கு உண்மையில் வேண்டியது. லூப் பின்னணியில் நிற்கிற மாட்டுக்குப் போதும், முன்னால் நிற்கிற மாட்டுக்குப் போதாது.

வீச்சில் தாமத வரிசை அதேதான், அடி முதலில், நுனி கடைசியில். மாறுவது நேரப் பங்கீடு. வீசுவதற்கு முன் அடி எலும்பு எதிர்ப்பக்கம் கொஞ்சம் போய்த் தயாராகும். பிறகு 4, 5 பிரேமில் தொடைப் பக்கம் தள்ளும். குஞ்சம் தொடையில் படுகிற பிரேமில் அடி அங்கே இருக்கக் கூடாது, ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். அடியும் நுனியும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் அடி விழுந்த உணர்வு வராது, வாலைக் கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கும். அப்புறம் விழுவதற்குத் தசை வேலை இல்லை, மேலே சொன்ன ஓய்கிற கணக்குதான்.

பட்ட பிறகு குஞ்சம் தொடையில் எத்தனை பிரேம் ஒட்டி நிற்கும் என்பதை வீடியோவில்தான் பார்த்து எடுக்க வேண்டும். யாழினி, வீச்சு ஒன்றை நேர் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்துப் போட முடியுமா?

ரியாஸ், கும்பகோணம்

அந்த ஒட்டி நிற்கிற இடத்துக்கு நிச்சயம் பிசிக்ஸ்தான். குஞ்சம் தொடையைச் சுற்றி வளைவதைக் கையால் கீ போட்டால் உள்ளே புகுந்துவிடும், செந்திலுக்கு ஆனது போல.

பாஸ்கர், ஆடுதுறை

குஞ்சத்துக்குச் சரி. ஆனால் அடி எலும்பு எந்தப் பிரேமில் திரும்புகிறது என்பதைப் பிசிக்ஸிடம் விடமாட்டேன்.

யாழினி, தலைஞாயிறு

நாளைக் காலை சேற்றுழவு முடிந்து காளைகள் வாய்க்கால் கரையில் நிற்கும், ஈயும் நிறைய இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து இங்கேயே போடுகிறேன். அடி திரும்புகிற பிரேம், குஞ்சம் படுகிற பிரேம் இரண்டையும் குறித்து அனுப்புகிறேன்.